வெளிநாட்டுப் படிப்புக்குக் கல்விக் கடன்: ஒரு தந்தை மேலாளருக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்

பின்னணி

கோவையின் புறநகர் ஒன்றில் இரண்டு லேத் இயந்திரங்களோடு ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருப்பவர் இந்தத் தந்தை. மகள் இயந்திரவியலில் பி.இ. முடித்து, ஒரு பம்ப் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மனியில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தார். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்று இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரில் இருந்து கட்டாயம். அதற்கு 18,000 ரூபாய் கட்டி முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். 2024 ஜூன் தொடக்கத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இருந்து அனுமதிக் கடிதம் வந்தது. இரண்டு வருடப் படிப்பு, அக்டோபரில் ஆரம்பம், கல்விக் கட்டணம் இல்லை.

கட்டணம் இல்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஜெர்மனியில் படிக்க விசா கேட்பவர், முதல் வருடத்தில் தன்னால் சாப்பிட்டு வாடகை கொடுத்து வாழ முடியும் என்று காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் முடக்கக் கணக்கு வழியாகத்தான் இதைக் காட்டுகிறார்கள். மாணவியின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, ஒரு வருடச் செலவை அதில் மொத்தமாகப் போட்டுவிட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதாமாதம் ஒரு பகுதிதான் கைக்கு வரும். அப்போதைய தொகை 11,208 யூரோ, அதாவது மாதம் 934. யூரோ தொண்ணூறு ரூபாயை ஒட்டி இருந்ததால் சுமார் 10 லட்சத்து 9 ஆயிரம் ரூபாய். 2024 செப்டம்பர் 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தத் தொகை 11,904 யூரோவாக உயரும் என்ற அறிவிப்பும் வந்திருந்தது.

தந்தை தன் பட்டறையின் நடப்புக் கணக்கு இருக்கும் பொதுத்துறை வங்கிக் கிளைக்கே போனார். மேலாளர் ஆந்திராவில் இருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு பெண்மணி. நான் அதே பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கடன் பிரிவு அதிகாரி, வேறொரு வங்கியில் வேலை பார்த்தவன். முதல் கடிதம் திரும்பி வந்த பிறகுதான் இந்த விஷயம் என்னிடம் வந்தது.

முதல் கடிதம்

கோடு போட்ட தாளில், அழகான கையெழுத்தில் இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தார். மகள் பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணில் தொடங்கி, குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான் என்று சொல்லி, பதினெட்டு வயதில் தான் லேத்தில் கை வைத்த கதைக்கு வந்து, "தாங்கள்தான் என் மகளின் வாழ்வில் விளக்கேற்ற வேண்டும்" என்று முடித்திருந்தார். படிக்க மனதைத் தொடும் கடிதம். கடன் விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில் மூன்றே வரிகளில் இருந்தது: 25 லட்சம் ரூபாய் வேண்டும், மாத வருமானம் 80,000 ரூபாய், ஈடாகப் பூர்வீக வீட்டையும் ஒன்றரை ஏக்கர் தோட்டத்தையும் தரத் தயார். பெண் குழந்தைகளுக்கு அரசு தரும் வட்டி மானியத்தையும் பெற்றுத் தர வேண்டும் என்று கூடவே ஒரு கோரிக்கை.

மேலாளருக்குத் தமிழ் பேச ஓரளவு வரும், படிக்க வராது. கடிதத்தை முன்னால் இருந்த எழுத்தரிடம் கொடுத்து என்ன என்று கேட்டார். எழுத்தர் சுருக்கமாகச் சொன்னதில் மிஞ்சியது, "ஜெர்மனி போறாங்க, ஃபீஸ் கிடையாது, 25 லட்சம் கேக்கறாரு" என்பதுதான். ஃபீஸே இல்லாத படிப்புக்கு எதற்கு 25 லட்சம் என்று மேலாளர் கேட்டிருக்கிறார். தந்தை முடக்கக் கணக்கைப் பற்றி விளக்கப் பார்த்தார். "விசா வரட்டும் சார், வந்ததும் வாங்க, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை.

மேலாளரின் பதிலில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்கா, இங்கிலாந்து போகும் மாணவர்களுக்கு அந்தக் கிளை கொடுத்த கடன்களில் நடைமுறை அப்படித்தான். முதலில் கடன் அனுமதிக் கடிதம், அதைக் காட்டி விசா, விசா வந்ததும் பல்கலைக்கழகத்துக்கு நேராகக் கட்டணம். ஜெர்மனிக்கு இந்த வரிசை பொருந்தாது. தூதரகம் கேட்பது கடன் கிடைக்கும் என்ற உறுதியை அல்ல, கணக்கில் ஏற்கெனவே விழுந்த பணத்தை. பணம் போனால்தான் விசா, விசா வந்தால்தான் பணம் என்று இரண்டு பக்கமும் நின்றால் வேலை நகராது. முதல் கடிதத்தில் இந்த முடிச்சைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கவனித்தவை

கடிதத்தையும் அவர் கொண்டுவந்த காகிதக் கட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது மூன்று சிக்கல்கள் தெரிந்தன.

முதலாவது வருமானம். கடிதத்தில் மாதம் 80,000 என்று இருந்தது. வருமான வரிக் கணக்கில் வருடத்துக்கு 5 லட்சத்து 10 ஆயிரம், அதாவது மாதம் 42,500. அவர் பொய் சொல்லவில்லை. கரண்ட் பில், ஆள் கூலி, டூல் செலவு எல்லாம் கழிப்பதற்கு முன்னால் கைக்கு வரும் பணத்தையே வருமானம் என்று எழுதிவிட்டார். சொந்தத் தொழில் செய்பவர்கள் பலரும் இப்படித்தான் பேசுவார்கள். ஆனால் கோப்பைப் பார்க்கும் அதிகாரி கடிதத்தையும் வரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இரண்டும் பொருந்தவில்லை என்றால் கடிதத்தில் உள்ள மற்ற வரிகளையும் அவர் நம்பமாட்டார்.

இரண்டாவது ஈடு. தோட்டம் விவசாய நிலம். கடன் திரும்பாதபோது நீதிமன்றம் போகாமலே ஈட்டை விற்று வசூலிக்க வங்கிகளுக்கு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் அதிகாரம் தருகிறது. அந்தச் சட்டத்தில் இருந்து விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. அதனால் விவசாயம் அல்லாத கடன்களுக்குப் பொதுவாக வங்கிகள் அதைத் தொடுவதில்லை. வீட்டின் கதை வேறு. பட்டா இன்னும் மகளின் மறைந்த தாத்தா பெயரில். தந்தை, அவர் தம்பி, திருப்பூரில் கட்டிக்கொடுத்த அக்கா என்று மூன்று வாரிசுகள். வாரிசுச் சான்று இருக்கிறது, பாகப்பிரிவினை ஆகவில்லை. மற்ற இருவரும் கையெழுத்திட்டால்தான் அந்த வீடு ஈடாகும். அப்புறம் வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், வழக்கறிஞரின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளரின் அறிக்கை. எல்லாம் சரியாகப் போனாலும் ஆகஸ்டுக்குள் முடியும் வேலை அல்ல.

மூன்றாவது, அந்த வட்டி மானியம். நடுவண் அரசின் பொதுவான வட்டி மானியம் இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கானது, அதற்கு வருமான வரம்பும் உண்டு. மகள் என்பதால் தனியாக மானியம் கிடையாது. பல பொதுத்துறை வங்கிகள் மாணவிகளுக்கு வட்டியில் அரை சதவீதம் குறைக்கின்றன, அவ்வளவுதான். கிடைக்காத ஒன்றைக் கடிதத்தில் கேட்டால், திட்டம் தெரியாமல் வந்திருக்கிறார் என்ற எண்ணம் மட்டும் மேஜைக்கு அந்தப் பக்கம் விழும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடன் வாங்குவது தந்தை அல்ல. கல்விக் கடனில் மாணவிதான் முதன்மைக் கடனாளி, பெற்றோர் இணைக் கடனாளி. தந்தை எழுதிய கடிதம் விண்ணப்பமும் ஆகாது. வங்கியின் படிவமோ வித்யா லட்சுமி இணையதளத்தின் பதிவோதான் விண்ணப்பம், கடிதம் அதோடு இணைக்கப்படும் விளக்கம். முதல் முறை போனபோது கடிதம் மட்டும்தான் இருந்தது, விண்ணப்பம் இல்லை. அதனால் வங்கியின் கணக்கில் எதுவும் வரவும் இல்லை, எதுவும் நிராகரிக்கப்படவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி எவ்வளவு கேட்பது என்பதுதான். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு தேவையில்லை. அந்த அளவுக்கு நடுவண் அரசின் கடன் உத்தரவாத நிதி வங்கிக்குப் பின்னால் நிற்கிறது. அதைத் தாண்டி ஒரு ரூபாய் கேட்டாலும் ஈடு வேண்டும். 4 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கடனில் மொத்தச் செலவில் 15 சதவீதம் குடும்பத்தின் பங்காக இருக்க வேண்டும்.

முதல் வருடச் செலவை வரி வரியாக எழுதிப் பார்த்தோம். முடக்கக் கணக்குக்கு 10.09 லட்சம். விமான டிக்கெட், வீட்டு அட்வான்ஸ், காப்பீடு, குளிர்காலத் துணி, முதல் மாதக் கைச்செலவு எல்லாம் சேர்த்து 1.90 லட்சம். ஆக 12 லட்சத்தை ஒட்டி. குடும்பத்தின் கையில் சேமிப்பு 2 லட்சம். சீட்டை எடுத்தால் ஒன்றரை லட்சம். மீதி ஒரு லட்சத்துக்கு அம்மாவின் நகை. மொத்தம் 4.5 லட்சம். வங்கியிடம் கேட்க வேண்டியது சரியாக ஏழரை லட்சம்.

தந்தைக்கு இது உடனே ஒத்துவரவில்லை. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து இப்போதே வாங்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். "அடுத்த வருஷம் மறுபடியும் இவங்க வாசல்ல நிக்கணுமாங்க சார்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் 25 லட்சம் என்றால் வீடு, வீடு என்றால் அக்கா கையெழுத்து, அதற்கான காலம் கையில் இல்லை. மகள்தான் முடிவு செய்தார்: இந்த வருடம் ஈடு இல்லாத கடன், போன பிறகு பகுதிநேர வேலை, வீட்டுப் பத்திர வேலையை அப்பா பொறுமையாகப் பார்க்கட்டும்.

இரண்டாவது, விசாவுக்கு முன்னால் பணம் அனுப்ப வங்கி பயப்படுவதற்கு என்ன பதில் சொல்வது. பயத்தில் அர்த்தம் இருக்கிறது. விசா மறுக்கப்பட்டால் ஏழரை லட்சம் எங்கே போகும்? முடக்கக் கணக்கு நடத்தும் நிறுவனங்கள் மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தருகின்றன. ஆனால் கணக்கு மாணவியின் பெயரில் இருப்பதால் பணம் மாணவி சொல்லும் கணக்குக்குத்தான் போகும், கடன் கணக்குக்குத் தானாகப் போகாது. இந்த இடைவெளியை அடைத்தால் வங்கி இறங்கிவர வாய்ப்புண்டு. அதற்காக, திரும்பும் பணம் இதே கிளையில் உள்ள மகளின் சேமிப்புக் கணக்குக்கே வரும் என்றும், வந்ததும் கடனில் வரவு வைக்க வங்கிக்கு அதிகாரம் தருகிறோம் என்றும் மகளும் தந்தையும் கையெழுத்திட்ட உறுதிமொழியை இணைப்பது என்று முடிவு செய்தோம்.

மூன்றாவது, மொழி. மாதிரித் திட்டத்தின் கீழ் வரும் கோப்பு கிளை மேலாளரோடு நிற்பதில்லை. இந்தக் கிளையில் கல்விக் கடன்கள் வட்டார அலுவலகத்தின் கடன் பிரிவுக்குப் போய்த்தான் முடிவாகும். அங்கே கடிதத்தைப் படிப்பவர் யாரென்று தெரியாது. அதனால் தமிழில் ஒரு பக்கம், அதே பக்கம் ஆங்கிலத்தில், இரண்டிலும் ஒரே எண்கள்.

இரண்டாம் கடிதம்

ஜூலை முதல் வாரத்தில் படிவத்தோடு கொடுத்த கடிதம் இது. பெயர்களும் எண்களில் சிலவும் நீக்கப்பட்டுள்ளன.

> பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்
>
> பொருள்: மகளின் ஜெர்மனி முதுகலைப் படிப்புக்கு ரூ. 7,50,000 கல்விக் கடன் கோருதல். விசாவுக்கு முன் முடக்கக் கணக்குக்குப் பணம் அனுப்பக் கோருதல்.
>
> மதிப்பிற்குரிய அம்மையீர்,
>
> தங்கள் கிளையில் பதினொரு ஆண்டுகளாக நடப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். என் மகளுக்கு ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்துள்ளது. மகள் கடனாளியாகவும் நான் இணைக் கடனாளியாகவும் விண்ணப்பித்துள்ளோம். அனுமதிக் கடிதம், ஏபிஎஸ் சான்று, மதிப்பெண் பட்டியல்கள் இணைப்பில் உள்ளன.
>
> இப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. கடன் கோருவது வாழ்க்கைச் செலவுக்கு. விசா விண்ணப்பத்துடன் முதல் ஆண்டுச் செலவான 11,208 யூரோவை முடக்கக் கணக்கில் செலுத்தியதற்கான சான்றைத் தூதரகம் கேட்கிறது. அது குறித்த தூதரக அறிவிப்பின் நகல் இணைப்பில் உள்ளது.
>
> முதல் ஆண்டின் மொத்தச் செலவு ரூ. 12,00,000. இதில் எங்கள் பங்கு ரூ. 4,50,000. கோரும் கடன் ரூ. 7,50,000. செலவு விவரமும் எங்கள் பங்குக்கான சான்றுகளும் இணைப்பில் உள்ளன. கடன் தொகை முழுவதும் முடக்கக் கணக்குக்கே போகும், எங்கள் கைக்கு வராது.
>
> முடக்கக் கணக்குக்கு முதலில் எங்கள் பங்கு ரூ. 2,59,000-ஐ மகளின் கணக்கில் கட்டுகிறோம். அதன் பின் வங்கி கடன் தொகையையும் சேர்த்து நேரடியாக அனுப்பக் கோருகிறோம். விசா மறுக்கப்பட்டால் தொகை தங்கள் கிளையில் உள்ள மகளின் கணக்குக்கே திரும்பும். அதைக் கடனில் வரவு வைக்க அதிகாரம் அளிக்கும் உறுதிமொழியை இணைத்துள்ளோம்.
>
> வருமான வரிக் கணக்கின்படி என் ஆண்டு வருமானம் ரூ. 5,10,000. படிப்புக் காலத்தில் மாதந்தோறும் வட்டியைச் செலுத்தச் சம்மதிக்கிறேன்.
>
> விசா விண்ணப்பத்துக்கு ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நேரம் கிடைத்துள்ளது. செப்டம்பர் 1-க்குப் பின் விண்ணப்பித்தால் 696 யூரோ கூடுதலாகக் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஆகஸ்ட் 10-க்குள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். விண்ணப்பத்தை ஏற்க இயலாவிட்டால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> நன்றியுடன்,
> (தந்தை, மகள் கையொப்பம்)

கடைசிப் பத்தியின் கடைசி வரியை நீக்கிவிடலாமா என்று தந்தை கேட்டார். மேலாளரை மிரட்டுவது போல இருக்கிறதாம். மாதிரித் திட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. சாதாரணமாகப் பதினைந்து நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், நிராகரிப்பதென்றால் மேலதிகாரியின் ஒப்புதலோடு காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் உள்ள நடைமுறை. மரியாதையாக எழுதினால் அது மிரட்டல் ஆகாது என்று சொல்லி வைத்துக்கொண்டோம்.

மகளின் மதிப்பெண்களைப் பற்றியோ தந்தையின் உழைப்பைப் பற்றியோ கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. முதல் பட்டதாரி என்ற செய்தியை விடவே கூடாது என்று அவர் மனைவி வற்புறுத்தினார். படிவத்திலேயே குடும்ப விவரம் எழுத இடம் இருந்தது, அங்கே எழுதினோம்.

வட்டி கட்டச் சம்மதம் என்ற வரி சும்மா எழுதியதல்ல. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஏழரை லட்சத்துக்கு மாத வட்டி 6,250 ரூபாய். படிப்புக் காலம் இரண்டு வருடம், அதன்பின் ஒரு வருடம் என மூன்று வருடத்துக்குத் தவணை கட்டத் தேவையில்லை, தனி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். கட்டாமல் விட்டால் 2.25 லட்சம் சேர்ந்து கடன் 9.75 லட்சமாகும். பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 12,900. இடையில் வட்டியைக் கட்டிவந்தால் கடன் ஏழரை லட்சமாகவே இருக்கும், தவணை சுமார் 9,900. இப்படிக் கட்டுபவர்களுக்கு அந்தக் காலத்து வட்டியில் ஒரு சதவீதம் வரை சலுகை தரும் வங்கிகளும் உண்டு. மாதம் 42,500 வருமானத்தில் 6,250 எடுத்து வைக்க முடியும் என்பது, கோப்பைப் பார்ப்பவருக்கும் ஒரு பார்வையில் தெரியும். 80,000 என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கை யாரும் போட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

பின்னர் நடந்தது

மேலாளர் ஆங்கிலப் பக்கத்தை எடுத்து அங்கேயே முழுவதும் படித்தார். உறுதிமொழியைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். விசாவுக்கு முன் பணம் அனுப்புவது தன் அதிகாரத்தில் இல்லை, வட்டார அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும் என்று சொல்லி, கோப்பை அதே வாரத்தில் அனுப்பினார்.

வட்டார அலுவலகத்தில் இருந்து ஒரு கேள்வி திரும்பி வந்தது: முடக்கக் கணக்கு நடத்தும் நிறுவனம் எது, அதை ஜெர்மனி அரசு ஏற்கிறதா? கடிதத்தில் இதைச் சொல்லவில்லை. மகள் கணக்கு தொடங்கி, அந்த நிறுவனம் தந்த கணக்கு உறுதிக் கடிதத்தையும் பணம் அனுப்ப வேண்டிய வங்கி விவரங்களையும் கொடுத்த பிறகு கோப்பு நகர்ந்தது. இதில் மட்டும் ஒன்பது நாள் போனது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் கடன் அனுமதிக் கடிதம் கிடைத்தது. நிபந்தனைகள் மூன்று: குடும்பத்தின் பங்கு முதலில் கணக்கில் இருக்க வேண்டும், பணம் மாணவியின் கைக்குப் போகாமல் நேரடியாக அனுப்பப்பட வேண்டும், உறுதிமொழி முத்திரைத்தாளில் இருக்க வேண்டும்.

பணம் அனுப்பிய அன்று யூரோ விலை கொஞ்சம் ஏறியிருந்தது. வங்கியின் விற்பனை விலை செய்தியில் வரும் விலையைவிட எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், இடையில் இருக்கும் வங்கியும் ஒரு கட்டணம் பிடிக்கும். முடக்கக் கணக்கில் 11,208-க்கு ஒரு யூரோ குறைந்தாலும் சான்று வராது. அதனால் எட்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டி அனுப்பினார்கள். நான்கு வேலை நாளில் சான்று வந்தது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் விண்ணப்பம் கொடுத்தார், விசா செப்டம்பர் இறுதியில் வந்தது. வகுப்பு ஆரம்பிக்கும் முன் போய்ச் சேர்ந்தார்.

முதல் வருடம் பெரிய தொந்தரவு இல்லாமல் போனது. தந்தை மாத வட்டியைத் தவறாமல் கட்டினார். இரண்டாம் வருடம்தான் கடினமாக இருந்தது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த வருடச் செலவுக்கு வழி இருக்கிறது என்று மறுபடியும் காட்ட வேண்டும், அப்போது அளவு மாதம் 992 யூரோ. மகளுக்குப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் மாதம் சுமார் 600 யூரோ தரும் பகுதிநேர வேலை கிடைத்திருந்தது. வேலை ஒப்பந்தத்தை அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகம் ஏற்றது. மீதி மாதம் 392, வருடத்துக்கு 4,700 யூரோவை ஒட்டி. அதற்குள் யூரோ நூறு ரூபாய்ப் பக்கம் போய்விட்டதால் ஏறக்குறைய 4.7 லட்சம் ரூபாய்.

கடனை உயர்த்த வீட்டை ஈடாக வைக்க வேண்டும். தம்பி சம்மதித்தார். அக்கா, தன் பங்கை விட்டுக்கொடுப்பதில் தடையில்லை, ஆனால் அப்பா கட்டிய வீட்டை வங்கியில் வைக்க மனம் ஒப்பவில்லை என்றார். தந்தை அதற்கு மேல் கேட்கவில்லை. நகைக் கடனும் மகளின் சேமிப்பும் பட்டறைக்கு வர வேண்டிய பாக்கியும் சேர்ந்து அந்தத் தொகை நிரம்பியது. நகைக் கடனை ஒரு வருடத்துக்குள் திருப்ப வேண்டும் என்பதால் இப்போது கல்விக் கடன் வட்டியைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிய சுமை.

மாற்ற வேண்டியவை

ஏழரை லட்சத்தோடு நிறுத்தியது அந்த நேரத்துக்குச் சரியான முடிவு என்றே இன்னும் நினைக்கிறேன். அந்த வரம்பைத் தாண்டியிருந்தால் ஆகஸ்ட் தவறியிருக்கும். ஆனால் இரண்டாம் வருடத்துக்கு என்ன வழி என்ற பத்தி கடிதத்தில் இருந்திருக்க வேண்டும். "இரண்டாம் ஆண்டுக்கு ஈட்டுடன் கடனை உயர்த்தக் கோருவோம்" என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், அக்காவிடம் பேச வேண்டிய பேச்சு 2024-லேயே நடந்திருக்கும். அவர் மறுத்திருந்தாலும் வேறு வழி தேட ஒரு வருடம் கிடைத்திருக்கும்.

முடக்கக் கணக்கைப் பற்றிய ஒன்பது நாளும் தவிர்க்கக் கூடியதே. அந்தக் கணக்கைத் தொடங்க விசாவும் வேண்டாம், கடனும் வேண்டாம். பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் வந்த வாரமே தொடங்கி, நிறுவனத்தின் உறுதிக் கடிதத்தையும் இணைப்பில் வைத்திருந்தால் வட்டார அலுவலகம் கேட்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. செலவு விவரத்தில் யூரோ விலையை அன்றைய விலையிலேயே போடாமல் இரண்டு மூன்று ரூபாய் கூட்டிப் போடுவதும் நல்லது. வரம்பு ஏழரை லட்சத்தில் நிற்பதால் விலை ஏறினால் அந்த வித்தியாசம் முழுவதும் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

அதே கிளையில் அடுத்த வருடம் இன்னொரு மாணவர் ஜெர்மனிக்கு விண்ணப்பித்தபோது, மேலாளர் இந்தக் கோப்பின் உறுதிமொழியை மாதிரியாக எடுத்துக் கொடுத்தாராம். தந்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மாணவரின் குடும்பத்துக்குத் தெளிவான பட்டாவோடு வீடு இருந்ததால், இரண்டு வருடத்துக்கும் சேர்த்தே கேட்டிருக்கிறார்கள்.